நிலாவில் ஏன் பாராசூட் கிடையாது: விக்ரம் இறங்கிய 19 நிமிடங்கள்

சூளூர்பேட்டை, தடா, ஆரம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராக்கெட் மேலே போவது பழகிப்போன காட்சி. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. இந்தப் பக்கம் மொட்டை மாடியில் நின்றாலே புகைக்கோடு தெரியும். 2023-இல் அவர்களுக்கு இறங்குவதைப் பற்றியும் பேச்சு வந்தது. ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-இன் விக்ரம் நிலாவில் இறங்கியது. இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 21 காலையில், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் மாதிரிக் கூண்டு ஒன்றை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே அனுப்பிப் பிரித்துவிட்டார்கள். அது மூன்று பெரிய பாராசூட்களில் ஆடி ஆடி வந்து, கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுந்தது.

வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாகப் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு நான் அறிவியல் சொல்லித் தருகிறேன். அவர்களில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “சார், இங்க கடல்ல இறங்க பாராசூட் போதுது. நிலாவுல ஈர்ப்பு ஆறுல ஒரு பங்குதானே? அங்க இறங்கறது இன்னும் ஈசியா இருக்கணுமே. எதுக்குக் கடைசி வரைக்கும் இன்ஜினை எரிக்கிறாங்க?”

பக்கத்தில் இருந்த பையன் உடனே “அங்க காத்து இல்ல” என்றான். சரியான பதில்தான். ஆனால் அதோடு விட்டால் ஒரு பாதிதான் புரியும். காற்று இல்லாததால் பாராசூட் விரியாது என்பது ஒன்று. அதற்காக இன்ஜினைத் தொடர்ந்து, கிட்டத்தட்ட இருபது நிமிடம், நிறுத்தாமல் எரிக்க வேண்டுமா என்பது வேறு. இந்த இரண்டாவது கேள்விக்குள்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். இறங்குவது என்றாலே மேலிருந்து கீழே விழுவதுதான் நம் மனதில் வரும். விக்ரம் அன்று மாலை 5.44 மணிவாக்கில் இறங்கத் தொடங்கியபோது நிலாவின் தரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. அந்த நேரத்தில் அது விழுந்துகொண்டிருக்கவே இல்லை. தரைக்கு இணையாக, பக்கவாட்டில், நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருந்தது. சூளூர்பேட்டையிலிருந்து சென்னைக்கு மின்சார ரயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறது. விக்ரம் அந்த வேகத்தில் போனால் முக்கால் நிமிடத்தில் சென்னையைத் தாண்டிவிடும்.

30 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பொருளைச் சும்மா நிறுத்திக் கையை விட்டால் எவ்வளவு வேகத்தில் தரையில் மோதும்? நிலாவின் ஈர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 1.62 மீட்டர். கணக்குப் போட்டால் நொடிக்கு 310 மீட்டர் சொச்சம் வரும். பக்கவாட்டு வேகம் அதைவிட ஐந்து மடங்குக்கும் மேல். ஆக, நிலாவில் இறங்குவதில் பெரும்பங்கு வேலை விழுவதைத் தடுப்பது அல்ல, ஓடுவதை நிறுத்துவது. ஈர்ப்பு குறைவு என்பதால் இந்த ஓட்டம் தானாக நின்றுவிடாது.

பூமியில் இந்த ஓட்டத்தை நிறுத்துவது யார்? பாராசூட் என்று நினைத்தால் தவறு. பூமியைச் சுற்றி வரும் விண்கலம் நொடிக்கு சுமார் 7.8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் பாராசூட்டை விரித்தால் துணி கிழிந்து கருகிப் போகும். வெப்பக் கவசத்தை முன்னால் காட்டிக்கொண்டு விண்கலம் காற்றுக்குள் பாய, காற்றே அதன் வேகத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. வேகம் அடங்கிய பிறகு, கடைசி சில கிலோமீட்டருக்குத்தான் பாராசூட். அக்டோபர் சோதனையில் போன கூண்டு சுற்றுப்பாதைக்கே போகவில்லை, சுமார் 17 கிலோமீட்டர் உயரம் வரைதான் போனது. அதனால் அதற்கு அந்த முதல் கட்ட வேலையே இல்லை, பாராசூட் வேலையைத்தான் நாம் பார்த்தோம். நிலாவில் இரண்டு பிரேக்கும் கிடையாது. கவசத்தோடு பாயவும் காற்று இல்லை, பாராசூட்டை விரிக்கவும் காற்று இல்லை.

“கொஞ்சமாவது காற்று இருக்காதா சார்? அதை வச்சு ரொம்பப் பெரிய பாராசூட் கட்டினா?” என்று அந்தப் பெண் விடவில்லை. நல்ல கேள்வி, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ககன்யானின் பெரிய பாராசூட் ஒன்றின் விட்டம் 25 மீட்டர், பரப்பு சுமார் 490 சதுர மீட்டர். தரைக்கு அருகே நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அது இறங்கினால், ஒவ்வொரு நொடியும் அதன் வழியில் 4,900 கன மீட்டர் காற்று வந்து மாட்டுகிறது. ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.2 கிலோ. ஆக நொடிக்குச் சுமார் 6 டன் காற்றை அது ஒதுக்கித் தள்ள வேண்டும். அந்தத் தள்ளலின் எதிர்வினைதான் கூண்டைப் பிடித்து நிறுத்துகிறது.

அதே பாராசூட்டை நிலாவில், விக்ரமின் முழு வேகத்தில், எப்படியோ விரித்துப் பிடித்ததாக வைத்துக்கொள்வோம். நிலாவின் தரையை ஒட்டி ஆர்கான், ஹீலியம் போன்ற அணுக்கள் கொஞ்சம் அலைகின்றன. தாராளமாக, ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் அணுக்கள் என்றே எடுப்போம். கேட்க நிறைய போலத் தெரியும். ஆனால் ஒரு நொடியில் அந்தப் பாராசூட் வழியில் சிக்கும் அணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இதனால் 1,750 கிலோ எடையுள்ள விக்ரமின் வேகம் எவ்வளவு குறையும்? இறங்கிய 19 நிமிடமும் அப்படியே இழுத்துப் பிடித்தாலும், நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுகூடக் குறையாது. பாராசூட்டைப் பெரிதாக்கினால் அதன் எடைதான் ஏறும்.

வேகத்தைக் குறைக்க எதையாவது முன்னால் தள்ளியாக வேண்டும், வேறு வழி இல்லை. பழவேற்காடு ஏரியில் ஓடும் படகை நிறுத்தத் துடுப்பை நீருக்குள் குறுக்கே பிடிப்பார்கள், படகு தண்ணீரைத் தள்ளி வேகம் இழக்கும். பாராசூட் செய்வது அதைத்தான். தள்ளத் தண்ணீரே இல்லாத இடம் என்றால், படகில் ஏற்றி வந்த கற்களை ஒவ்வொன்றாக முன்பக்கம் வீசி எறிய வேண்டும். ராக்கெட் இன்ஜின் அந்தக் கல் எறிகிற வேலையைத்தான் செய்கிறது. தள்ளுவதற்கான பொருளைத் தானே எரிபொருளாகச் சுமந்து வந்து, எரித்து, சூடான வாயுவாக ஓடும் திசையிலேயே பீய்ச்சுகிறது. சுமந்து வந்தது தீர்ந்தால் பிரேக்கும் தீர்ந்தது.

சரி, ராக்கெட்தான் ஒரே பிரேக் என்று ஆயிற்று. அப்புறம் ஏன் வழி நெடுக எரிக்க வேண்டும்? தொடக்கத்தில் ஒருமுறை பலமாக எரித்து ஓட்டத்தை நிறுத்திவிட்டு, தரைக்குப் பக்கத்தில் இன்னொரு முறை எரித்தால் ஆகாதா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. விக்ரமின் எண்களை வைத்தே பார்க்கலாம்.

சுற்றுப்பாதையில் ஓடும் எந்தப் பொருளும் கீழே விழாமல் இருப்பதற்குக் காரணம் அதன் ஓட்டம்தான். நிலா அதைக் கீழே இழுக்கிறது. ஆனால் அது விழும் வேகத்துக்குச் சரியாகக் கீழே இருக்கும் தரையும் வளைந்து விலகிப் போகிறது. நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகம் இருக்கும் வரை விக்ரமின் எடை முழுவதையும் அந்த ஓட்டமே தாங்கிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். இப்போது பிரேக் போடுகிறோம். வேகம் பாதியானால் இந்தத் தாங்கும் திறன் பாதியாகக் குறையாது, கால் பங்காகிவிடும். ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மீதி முக்கால் பங்கு எடையை யாராவது தாங்க வேண்டும். வேகம் நொடிக்கு 358 மீட்டருக்கு வந்தபோது ஓட்டம் தாங்கியது எடையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பிரேக் போடப் போட, விழவிடாமல் பிடித்திருந்த கை நழுவிக்கொண்டே போகிறது. அந்த இடத்தை அதே இன்ஜின்தான் நிரப்ப வேண்டும்.

அதனால் இன்ஜினுக்கு இரண்டு வேலை: ஓட்டத்தை நிறுத்துவது, எடையைத் தாங்குவது. தொடக்கத்தில் விக்ரம் கிட்டத்தட்டப் படுத்த நிலையில், கால்களும் இன்ஜின்களும் போகும் திசையைப் பார்க்கும்படி பறந்தது. உந்துவிசை முழுவதும் ஓட்டத்துக்கு எதிராக. நேரம் போகப் போக அது மெல்ல மெல்ல நிமிர்ந்தது. உந்துவிசையின் ஒரு பகுதி மேல்நோக்கித் திரும்பி எடையைத் தாங்க ஆரம்பித்தது. கடைசியில் செங்குத்தாக நின்றபோது முழு விசையும் எடையைத் தாங்குவதற்கே.

இதை ஒரே பலமான வெடிப்பில் முடிக்க முடியாததற்குக் காரணம் இன்ஜினின் அளவு. விக்ரமுக்கு இறங்குவதற்கு 4 இன்ஜின், ஒவ்வொன்றும் 800 நியூட்டன், மொத்தம் 3,200 நியூட்டன். 1,750 கிலோவை அது நொடிக்கு நொடி 1.8 மீட்டர் வீதம்தான் மெதுவாக்கும். நிலாவின் ஈர்ப்பு 1.62. அதாவது முழு எரிபொருளோடு இருக்கும் விக்ரமை நிலாவில் அந்தரத்தில் நிறுத்தவே இன்ஜின்களின் சக்தியில் முக்கால்வாசிக்கு மேல் போய்விடும். பெரிய இன்ஜின் வைத்தால் சீக்கிரம் முடிக்கலாம்தான். ஆனால் அந்த இன்ஜினின் எடையையும் நிலா வரை சுமந்து, மறுபடி அதற்கும் பிரேக் போட வேண்டும். அதோடு, கடைசியில் எரிபொருள் தீர்ந்து கலம் இலேசாகிவிட்ட பிறகு பெரிய இன்ஜினை மெல்ல எரிப்பது கஷ்டம்.

இந்தக் கணக்கு நடைமுறையில் எப்படி வந்தது என்றால், முதல் கட்டப் பிரேக் மட்டும் 690 நொடி, பதினொன்றரை நிமிடம். அதற்குள் விக்ரம் நிலாவின் மேல் 700 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடந்தது. சூளூர்பேட்டையிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்க்கோடு போட்டால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். உயரம் 30 கிலோமீட்டரிலிருந்து 7.4 கிலோமீட்டராக இறங்கியது. பிறகு சில நொடிகள் நிலையைச் சரிபார்த்துக்கொண்டு, சுமார் மூன்று நிமிட நுண் பிரேக்கில் ஒரு கிலோமீட்டருக்குக் கீழே வந்தது. 150 மீட்டரில் அந்தரத்தில் நின்று, கேமராவால் கீழே பாறை, பள்ளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கியது. 6.04 மணிக்குத் தரை.

அந்தரத்தில் நிற்பது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எரிபொருளை விழுங்குவதில் அதுதான் மோசம். நிற்கும் ஒவ்வொரு நொடியும், நொடிக்கு 1.62 மீட்டர் வேகத்தைக் குறைப்பதற்கு ஆகும் எரிபொருள் போய்விடுகிறது, வேகமோ துளியும் குறைவதில்லை. ஒரு நிமிடம் சும்மா நின்றால் நொடிக்கு 100 மீட்டர் வேகத்தைக் குறைக்கக்கூடிய எரிபொருள் காலி. இப்படிப்பட்ட இன்ஜினில் வாயு வெளியேறும் வேகம் நொடிக்குச் சுமார் 3 கிலோமீட்டர். குறைக்க வேண்டிய வேகமும் இந்தத் தாங்கும் செலவும் சேர்ந்து நொடிக்கு 2 கிலோமீட்டர் அளவில் வருவதால், இறங்கத் தொடங்கும்போது இருக்கும் எடையில் கிட்டத்தட்டப் பாதி எரிபொருளாக இருக்க வேண்டும். பாராசூட் என்றால் சில நூறு கிலோ துணியும் கயிறும் போதும்.

எரிபொருள் எண்ணித் தந்த அளவுதான் என்பதால், தரை எங்கே இருக்கிறது என்று கலத்துக்குத் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2023-லேயே ஓர் உதாரணம் உண்டு. ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனம் அனுப்பிய ஹகுட்டோ-ஆர் கலம் ஏப்ரல் 26 அன்று (ஜப்பான் நேரப்படி) நிலாவில் இறங்க வந்தது. பிரேக் ஒழுங்காகப் போட்டது, நிமிர்ந்தது, வேகத்தைக் குறைத்தது. வழியில் ஒரு பெரும்பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியதும் கீழே தரை திடீரென்று சுமார் 3 கிலோமீட்டர் இறங்கிவிட்டது. உயரமானி அதைச் சரியாகத்தான் சொன்னது. ஆனால் கணினி, “இவ்வளவு வித்தியாசம் வர வாய்ப்பில்லை, உயரமானி கெட்டுவிட்டது” என்று முடிவு செய்து, அதன் பேச்சைக் கேட்பதையே நிறுத்திவிட்டது. பிறகு தன் மனக்கணக்கிலேயே இறங்கியது. தரைக்கு வந்துவிட்டோம் என்று அது நம்பிய இடத்தில் உண்மையான உயரம் சுமார் 5 கிலோமீட்டர். அங்கே மிக மெதுவாக, மிகப் பத்திரமாக, தரையைத் தேடி இறங்கிக்கொண்டே இருந்தது, எரிபொருள் தீரும் வரை.

அப்புறம் விழுந்தது. 5 கிலோமீட்டரிலிருந்து நிலாவில் விழுந்தால் வேகம் நொடிக்கு 127 மீட்டர், மணிக்கு 450 கிலோமீட்டருக்கு மேல். பூமியில் 5 கிலோமீட்டரில் இன்ஜின் நின்றால்கூடப் பாராசூட் விரிக்க அவகாசம் உண்டு. காற்று இல்லாத இடத்தில் விழும் பொருளுக்கு வேகம் ஏறிக்கொண்டே போகும், எங்கேயும் நிலைக்காது. 99 சதவீத வேகத்தை ஒழுங்காகக் குறைத்துவிட்டேன் என்பதற்கு அங்கே மதிப்பெண் இல்லை.

அதற்கு எதிர்ப்பக்கத் தவறு 2019-இல் நம் சந்திரயான்-2-க்கு நடந்தது. அந்த விக்ரமின் இன்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிக விசை தந்துவிட்டன. பிரேக் கூடுதலாக விழுந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பிரேக்கும் எடை தாங்குவதும் ஒரே விசையின் இரண்டு பங்குகள் என்பதால், ஒன்று பிசகினால் பாதையே பிசகும். பிசகு சேர்ந்துகொண்டே வர, அதைச் சரிசெய்ய வேண்டிய வேகத்தில் கலத்தால் திரும்ப முடியவில்லை. நேரலையில் சுமார் 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரிந்தது, அதற்குப் பிறகு பாதை கோட்டை விட்டு விலகியது. சந்திரயான்-3-இல் தரையைப் பொறுத்துத் தன் வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். இறங்க அனுமதித்த பரப்பையும் அரை கிலோமீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள்.

காற்றுப் பை கட்டி உருட்டிவிடலாமே என்பது அடுத்து வரும் கேள்வி. 1966 பிப்ரவரியில் சோவியத்தின் லூனா-9 கிட்டத்தட்ட அப்படித்தான் இறங்கியது. ஆனால் அதுவும் சுமார் 75 கிலோமீட்டர் உயரத்திலேயே ராக்கெட் பிரேக்கைத் தொடங்கி, வேகத்தைக் கொன்ற பிறகுதான் காற்றுப் பைக்குள் இருந்த சிறு கோளத்தைத் தரைக்கு விட்டது. பை தாங்குவது கடைசி அடியை மட்டும்.

அப்படியானால் இன்ஜினை எந்த உயரத்தில் நிறுத்தலாம்? இதைப் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொன்னேன். சந்திரயான்-3-இன் கால்கள் நொடிக்கு 3 மீட்டர் வேக அடியைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. 10 மீட்டரில் அசையாமல் நின்று இன்ஜினை அணைத்தால் தரையில் மோதும்போது வேகம் 5.7 மீட்டர், கால் ஒடியும். 3 மீட்டர் வேகத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டுமானால் உயரம் 2.8 மீட்டருக்கு மேல் கூடாது. அதுவும் அணைக்கும் நேரத்தில் கீழ்நோக்கிய வேகம் சுத்தமாகப் பூஜ்யம் என்றால்தான். உண்மையில் கலம் மெதுவாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும் என்பதால் அந்த உயரம் இன்னும் குறையும். அப்பல்லோ கலங்களின் கால்களுக்குக் கீழே சுமார் 1.7 மீட்டர் நீளத்துக்குக் கம்பிகள் தொங்கவிட்டிருந்ததும் இதற்காகத்தான். கம்பி தரையைத் தொட்டதும் உள்ளே விளக்கு எரியும், விமானி இன்ஜினை அணைப்பார். பிரேக் இல்லாமல் இறங்கலாம் என்று அனுமதித்தது அந்த ஓர் ஆள் உயரம் மட்டுமே.